500 டாலர் எங்கே கரைந்தது?

கேள்வி: ஃப்ரீலான்ஸ் தளம் ஒன்றின் வழியாக அமெரிக்க வாடிக்கையாளருக்கு 500 டாலருக்கு லோகோ வரைந்தேன். வங்கிக்கு வந்தது 32,554 ரூபாய். அன்று சந்தையில் டாலர் 85 ரூபாய். மீதி எங்கே போனது? (வாசகர், திருப்பூர்)

பதில்: மூன்று கைகள் மாறி வந்திருக்கிறது. தளம் 20 சதவீதம் எடுத்ததும் 400 டாலர். பணமெடுக்கும் கட்டணம் 3 டாலர் போக 397. இந்த இரண்டும் ரசீதில் இருக்கும். மூன்றாவது கை ரசீதிலேயே வராது. வந்த ரூபாயை 397ஆல் வகுத்துப் பாருங்கள்: 82. டாலருக்கு 3 ரூபாய் வீதம் 1,191 ரூபாய் மாற்று விலைக்குள்ளேயே போய்விட்டது. ‘மாற்றுக் கட்டணம் இல்லை’ என்று எழுதியிருந்தாலும் இந்த வகுத்தலைச் செய்யாமல் நம்பாதீர்கள்!

தளம் டாலராகவே அனுப்ப வழி தந்தால், உங்கள் வங்கி டாலரை வாங்கும் விலையையும் அனுப்பும் செலவையும் கேட்டு ஒப்பிடுங்கள். 3 டாலர் ஒவ்வொரு முறையும் போவதால், சேர்த்து எடுப்பது லாபம். ஆனால் மாற்று இழப்பு அதனால் குறையாது. அது தொகையோடு சேர்ந்தே வளரும்.

அடுத்த முறை தளக் கட்டணம் போக 500 வேண்டுமென்றால் 600 கேட்காதீர்கள், 480தான் வரும். 625 கேளுங்கள்.