உறங்கும் சுரப்பி

கேள்வி: ஆஸ்துமாவுக்காக ஆறு வாரமாகப் பிரெட்னிசலோன் மாத்திரை உண்கிறேன். மூச்சு சீராகிவிட்டது; முகமோ ஊதிவிட்டது. இன்றே நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், சேலையூர்

பதில்: கூடாது. வெளியிலிருந்து மருந்து நாள்தோறும் வந்துகொண்டிருக்க, சிறுநீரகத்தின்மேல் அமர்ந்து கார்ட்டிசால் சுரந்துவந்த அட்ரினல் சுரப்பி, தன் காரியத்தைப் பிறர் செய்வதாக எண்ணி உறங்கிவிடுகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அது விழிப்பதற்குள் சோர்வும் தலைசுற்றலும் வாந்தியும் தோன்றி, ரத்த அழுத்தம் அபாயகரமாகத் தாழக்கூடும். அப்போது தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். ஐந்தாறு நாள் மட்டும் உண்டவர் நிறுத்துவது வேறு. தாங்களோ, தாம்பரம் சானடோரிய நெஞ்சக மருத்துவமனையிலாவது வேறெங்காவது வைத்தியர் எழுதித்தரும் கிரமப்படி, அளவைப் படிப்படியாகக் குறைப்பதே உசிதம். அதுவரை காலை ஆகாரத்துக்குப்பின் உண்டால் வயிற்றெரிச்சலும் நித்திரைக்கேடும் குறையும். உப்பைக் குறையுங்கள், ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். அளவு குறையக் குறைய, முகத்தின் ஊதலும் மெல்ல வடியும்.