முதலில் முனகல், பிறகு மெட்டு

கேள்வி: பதிவான பேட்டியில் ஒருவர் கத்துகிறார், இன்னொருவர் முணுமுணுக்கிறார், நடுவே ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். பின்னணி இசை போட்டால் எல்லாம் மறைந்துவிடாதா?

பதில்: மறையும், இசை ஓயும்வரை. ஓய்ந்ததும் மேடையில் ரீங்காரம் மட்டும் தனியாக நிற்கும்.

இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அதனால் மின்சாரத்திலிருந்து வரும் ரீங்காரமும் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150-இலும் உட்காரும். 80-க்குக் கீழே வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் 50-ஐப் பெரும்பாலும் அடக்கிவிடும். வம்பு 100-இல்தான். பல ஆண்குரல்களின் அடிச்சுருதி குடியிருப்பதும் அதே தெருவில். அங்கே அகலமாக வெட்டினால் பேசுபவர் தகரக் குழாய்க்குள் போய்விடுவார். ஆகவே ஊசிமுனை அகலத்தில் ஒரு நாட்ச் ஃபில்டர் போதும்.

ஒலியளவைத் தொடுவது அதன் பிறகே. முதலிலேயே கம்ப்ரஸரைப் போட்டால், அது உரத்த சொல்லை அமுக்கி மொத்தத்தையும் தூக்கும்போது இடைவெளியில் கிடக்கும் ரீங்காரமும் கூடவே எழுந்துவிடும்.

கத்துபவரின் உச்சம் −8 டெசிபல், முணுமுணுப்பவருடையது −20 என்று வைத்துக்கொண்டால், முன்னவரை 4 இறக்கி, பின்னவரை 8 ஏற்ற இருவரும் −12-இல் சந்திப்பார்கள். இதைக் கையால், வாக்கியம் வாக்கியமாகச் செய்வதே நல்லது. ஏற்றிய இடத்தில் மின்விசிறிச் சத்தமும் 8 ஏறியிருக்கும். பேச்சில்லாத இடைவெளிகளை மட்டும் இறக்கலாம், ஆனால் முழுக்க அழித்தால் கேட்பவர் ‘லைன் கட்டாகிவிட்டதோ’ என்று நினைப்பார். யாரும் பேசாதபோது பதிவான அறையோசையை அங்கே நிரப்பிவிட்டு, கடைசியாக 3:1 அளவில் கம்ப்ரஸரை மெல்லப் போடலாம்.