எத்தனை விசில்?

எங்கள் வீட்டில் குக்கர்தான் கடிகாரம். சோற்றுக்கு மூணு விசில், பருப்புக்கு நாலு, கொண்டைக்கடலைக்கு அம்மாவுக்கு எண்ணிக்கை மறக்கும்வரை. அப்படிப்பட்ட வீட்டில், மகளின் பிறந்தநாளன்று குக்கரின் வெயிட்டைக் கழற்றி, கேஸ்கெட்டையும் உருவி ஆணியில் மாட்டிவிட்டு, சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமல் அடுப்பில் ஏற்றினேன். கேக் சுட ஓவன் கிடையாது. வாங்கலாம்தான், வைக்க மேடையில் இடமில்லை.

"ஏன்டா, தண்ணி ஊத்தலையே, வெடிச்சிடாதா?" என்றார் அம்மா.

பயம் நியாயமானதுதான். வெயிட்டையும் கேஸ்கெட்டையும் போட்டுக்கொண்டு வெறும் குக்கரைச் சூடாக்கினால் ரப்பர் தீயும், ஆபத்தும்கூட. இரண்டையும் எடுத்துவிட்டால் குக்கர் மூடி போட்ட ஒரு பாத்திரம், அவ்வளவுதான். ஆவி பாட்டுக்கு வெளியே போகும்.

"தண்ணி ஊத்தி நாலு விசில் விட்டா வேகாதா?"

வேகும். ஆனால் தண்ணீர் இருக்கும்வரை, அழுத்தம் ஏறிய குக்கருக்குள்ளும் சூடு சுமார் 120 டிகிரிக்கு மேல் போகாது. கேக் சிவந்து மணக்க 170, 180 டிகிரி உலர்ந்த சூடு வேண்டும். தண்ணீர் ஊற்றிச் செய்தால் மெழுகுவத்தி செருகிய இனிப்பு இட்லியைத்தான் பேத்தி வெட்டியிருப்பாள்.

அம்மாவுக்கு அடுத்த அதிர்ச்சி கல்லுப்பு. குக்கரின் அடியில் விரல்கனத்துக்கு அதைப் பரப்பி, மேலே ஒரு வளையத்தை வைத்து மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் விட்டேன். அடுப்பின் தீ நடுவில்தான் குத்தும். உப்பு அந்தச் சூட்டை வாங்கி எல்லாப் பக்கமும் பிரித்துக் கொடுக்கும். கேக் தட்டு நேராக அடியில் உட்கார்ந்தால் கீழே கரி, மேலே மாவு. அடிகனமான கடாயும் அதற்குப் பொருந்தும் மூடியும் இருந்தால் குக்கரே தேவையில்லை. நான்ஸ்டிக் கடாய் மட்டும் ஆகாது. காலியாகக் காய்ந்தால் அதன் பூச்சு கெட்டுவிடும்.

உப்பு காயும் நேரத்தில் மாவு. ஒரு கப் தயிரில் ஒரு கப் சர்க்கரையைக் கரைத்து, அரை டீஸ்பூன் சோடா உப்பும் ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் போட்டு ஐந்து நிமிடம் வைத்தால் தயிர் நுரைத்துக் கிளம்பும். அதில் அரை கப் எண்ணெய், கொஞ்சம் வெனிலா, கடைசியாகச் சலித்த மைதா ஒன்றரை கப். இந்த இடத்தில் அப்பா கரண்டியைப் பிடுங்க வந்தார். எந்த மாவாக இருந்தாலும் அடித்தால்தான் பதம் வரும் என்பது அவர் கட்சி. மைதாவை அடித்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். கட்டி மறையும்வரை கலந்தால் போதும். எண்ணெய் தடவி மைதா தூவிய தட்டில் பாதி உயரத்துக்கு ஊற்றி, உள்ளே இறக்கி, தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்தேன்.

இனிமேல்தான் சோதனை. குக்கர் சத்தமே போடவில்லை. சத்தம் போடாத குக்கரை எங்கள் வீட்டில் யாரும் நம்பியது கிடையாது. அம்மா அடுப்பு எரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேடையில் வைத்துக்கொண்டு, "லேசா தொறந்து பாத்துடலாமாப்பா?" என்றார். முதல் அரை மணி நேரம் மூடியில் கை வைக்கக் கூடாது. உப்பிய மாவு அதுவரை இறுகியிருக்காது. சூடு இறங்கினால் நடுவில் குழி விழும். அப்பாவைக் கடைக்கு அனுப்பினேன், பலூன் வாங்க. ஏற்கெனவே வீட்டில் இரண்டு பாக்கெட் பலூன் இருந்தது.

நாற்பது நிமிடத்தை நெருங்கும்போது வாசனை மாறியது. அதுவரை வெனிலாவும் பச்சை மாவுமாக இருந்தது, சுட்ட சர்க்கரை வாசனையாகத் திரும்பியது. திறந்தபோது ஓரம் தட்டைவிட்டு விலகியிருந்தது. சுத்தமான ஈர்க்குச்சியை நடுவில் குத்தினால் ஈர மாவு ஒட்டியது. மூடியின் உட்புறம் முத்து முத்தாக நின்ற தண்ணீரைத் துடைத்துவிட்டு மீண்டும் மூடினேன். துடைக்காவிட்டால் அது கேக் தலையில் சொட்டிப் பிசுபிசுக்கும். இன்னும் எட்டு நிமிடம் கழித்துக் குத்திய குச்சி சுத்தமாக வந்தது.

மேல்பக்கம் வெளுத்துத்தான் இருந்தது. சூடு கீழிருந்து வருவதால் அதை ஒன்றும் செய்ய முடியாது. நன்றாக ஆறவிட்டுக் கவிழ்த்தால், சிவந்த அடிப்பக்கம் மேலே வந்துவிடும். விருந்தாளிகள் யாரும் கேக்கைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

மிச்சம் அந்த உப்பு. சமையலுக்கு ஆகாது, ஆறியதும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த கேக்குக்கு ஆகும். அப்பாவிடம் எடுத்து வைக்கச் சொன்னேன். வெகு நேரமாகக் குழாயடியில் நின்றவர், வெறும் டப்பாவோடு வந்தார்.

"கறுத்துப் போயிருந்துச்சேன்னு அலசினேன்ப்பா. அலச அலசக் குறைஞ்சுக்கிட்டே போகுது."