இருட்டு பேசவைத்த கதை

கேள்வி: மின்வெட்டில் கணவனும் மனைவியும் மீண்டும் மனம் திறக்கும் சிறுகதை உண்டா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: உண்டு. ஜும்பா லாஹிரியின் 1999 தொகுப்பில் வரும் ‘எ டெம்பரரி மேட்டர்’. குழந்தை இறந்து பிறந்தபின் பேச்சற்றுப்போன பாஸ்டன் தம்பதி ஷோபாவும் சுகுமாரும். மின்கம்பித் திருத்தவேலைக்காக ஐந்து நாள், இரவு எட்டு மணிக்கு ஒரு மணிநேர மின்வெட்டு. மெழுகுதிரி ஒளியில் இரவுக்கொரு இரகசியம் சொல்கிறார்கள். முகம் மங்கினால் வாய் திறக்கிறது. ஐந்தாம் நாள் திருத்தவேலை முன்கூட்டியே முடிகிறது. விளக்கைப் போட்டு, தனியே போவதாக அவள் சொல்கிறாள். இறந்தது ஆண்குழந்தை, தான் கையில் ஏந்தியதாக அவன் சொல்கிறான். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள்.

போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக ஜாம் போத்தல் விளக்கில் குடித்தனம் நடத்திய வன்னியில் இந்தக் கதை நடந்திருந்தால், சொல்வதற்கு இரகசியமே மிஞ்சியிராது.