இவரைப் போல் இன்னொருவர் இல்லை

மணவூர்க்காரர் ஒருவர் அரக்கோணம் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு மனு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பரிந்துரைக் கடிதம் நம்மிடம் கேட்கிறார். ஆள் தங்கமானவர். ஆனால் தங்கத்தைப் போலவே, வைத்த இடத்தில் இருப்பவர். சுறுசுறுப்பானவர் என்று எழுதினால் ஒரே வாரத்தில் நம் கையெழுத்துக்கு மதிப்புப் போய்விடும். சோம்பேறி என்று எழுதினால் நட்பு போய்விடும். எழுத மறுத்தால் அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருப்பார், அந்தப் பழியும் நம் மேல்தான் விழும். ஆகவே ஒவ்வொரு வரியும் உண்மையாகவும், ஒவ்வொரு வரியும் புகழ்ச்சியாகவும், கூர்ந்து படிப்பவருக்கு மட்டும் பொருள் புரண்டு தெரிவதாகவும் எழுதுவதே நேர்மையான வழி என்பது என் கட்சி.

இது குறுக்கு வழி என்பவர்கள் இலக்கணத்தைக் கொஞ்சம் புரட்டட்டும். வஞ்சப்புகழ்ச்சி என்று இதற்கு அணியிலேயே இடம் உண்டு. கயவரும் தேவரும் ஒன்று, இருவருமே மனம்போனபடி நடப்பவர்கள் என்று வள்ளுவர் 1073-ஆம் குறளில் சொல்வதைத்தான் பள்ளியில் இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் அதைவிட நுட்பமானது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் ஆயுதங்களைப் பார்த்துப் பாடியது. உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலுக்குள் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். அதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். போருக்கே போகாத ஆயுதம்தான் பளபளப்பாக இருக்கும் என்ற கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டியவர் கேட்பவர். மணவூரும் தொண்டை மண்டலத்து ஊர்தான். அந்தப் பாட்டின் பாடத்தை நாம் பயன்படுத்தாமல் வேறு யார் பயன்படுத்துவது?

ஔவையின் முறை பொய்யைத் தொடாது. உண்மைகளில் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பதில்தான் வித்தை இருக்கிறது. அதன்படி நம் கடிதம் இப்படி இருக்கலாம்: 'மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, இவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். தொடங்கிய எந்த வேலையையும் இவர் பாதியில் விட்டதில்லை. இவர் செய்த வேலையில் இதுவரை யாரும் ஒரு பிழைகூடக் கண்டதில்லை. எந்த நெருக்கடியிலும் பதற்றப்பட மாட்டார். திருத்தணி மலைபோல் அசையாதவர். எல்லை ஓரத்துக்காரர் என்பதால் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சரளத்தோடு பதில் சொல்வார். இவரை வேலை செய்ய வைக்கும் நிறுவனம் அதிர்ஷ்டம் செய்தது. இவர் சேர்ந்த பிறகு உங்கள் ஊழியர்கள் அனைவரும் முன்பைவிடக் கூடுதலாக உழைப்பார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.' இதில் எந்த வரிக்கும் நீதிமன்றத்தில் சத்தியம் செய்யலாம். பாதியில் விட முதலில் தொடங்க வேண்டும். பிழை காண வேலை ஒன்று இருக்க வேண்டும். அந்த இருமொழிப் பதில் என்ன என்று மேலாளர் கேட்டால், தமிழில் 'நாளைக்கு', தெலுங்கில் 'ரேப்பு'. திருத்தணிக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. அசுரரோடு போர் முடித்த முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம் அது என்பது தலபுராணம். நம்மவர் போருக்கு முன்பே அமர்ந்துவிடுகிறவர், அவ்வளவுதான் வித்தியாசம். மலைக்கோயிலின் 365 படிகளை ஆண்டின் நாட்களோடு ஒப்பிடுவார்கள். அவற்றைப் பற்றி அவர் அழகாகப் பேசுவார், மலைமேல் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி.

இப்படி எழுதுவது முதலாளியை ஏமாற்றுவதாகாதா என்று கேட்கலாம். ஜெர்மனியில் இந்தக் கேள்வி சட்டம் வரை போயிருக்கிறது. அங்கே வேலையை விட்டுப் போகிறவர் நற்சான்று கேட்டால் முதலாளி கொடுத்தாக வேண்டும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும், அவருடைய பிழைப்பைக் கெடுக்காத பரிவோடும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எப்படிச் சேர்ப்பது? அதனால் ஒரு மறைமொழியே வளர்ந்துவிட்டது. 'முயற்சி எடுத்துக்கொண்டார்' என்றால் முடிக்கவில்லை என்று பொருள். 'எல்லாரோடும் கலகலப்பாகப் பழகுவார்' என்றால் மதுப்புட்டி ஞாபகத்துக்கு வர வேண்டும். 'முழுத் திருப்தி' என்பதுகூடப் போதாமல், இலக்கணத்தை மீறி 'முழுமையிலும் முழுத் திருப்தி' என்று எழுதினால்தான் முதல் தரம். மேலே தெரிவதற்கு மாறான செய்தியைச் சொல்லும் வாசகம் கூடாது என்று அந்நாட்டுத் தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. சான்றிதழில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லி வழக்குக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே புது முதலாளியை யாரும் ஏமாற்றுவதில்லை. அவருக்கு எல்லாம் புரிகிறது. புரியாமல் ஏமாறுவது சான்றிதழை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிப் போகிறவர்தான்.

இதிலிருந்து என் கட்சிக்கு ஓர் ஆபத்து வருகிறது, மறைக்க மாட்டேன். மறைமொழி எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் நிஜப் புகழ்ச்சியையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். நம் பள்ளி மாற்றுச் சான்றிதழ் இதற்கு நேர் மறுமுனை: நடத்தை என்ற இடத்தில் அநேகமாக எல்லாருக்கும் 'நன்று'. பெஞ்சை உடைத்தவனுக்கும் நன்று, அதைத் தூக்கி ஓரமாக வைத்தவனுக்கும் நன்று. அதனால் அந்தச் சொல்லை யாரும் படிப்பதே இல்லை. ஆகவே ஊருக்கெல்லாம் தெரிந்த வாசகத்தை எழுதாமல் ஆளுக்கேற்ற உண்மையை எடுத்து எழுதுவதே பாதுகாப்பு. படிக்கிற மேலாளருக்கும் ஒரு வழி சொல்கிறேன். கடிதத்தின் வினைச்சொற்களைக் கோடிட்டுப் பாருங்கள். 'விட்டதில்லை, கண்டதில்லை, அசையாதவர்' என்று எதிர்மறையாகவே வந்துகொண்டிருந்தால் உஷாராகிவிடலாம். 'சரக்கை எண்ணினார், கணக்கை முடித்தார்' என்று ஒரு வேலையாவது கண்ணில் படுகிறதா பாருங்கள். அசல் உழைப்பாளிக்கு எழுதுகிறவன் என்ன செய்தார், எத்தனை முறை செய்தார் என்று எழுதிவிடுவான். அவனுக்கு உவமை தேட நேரம் இருக்காது.

நண்பருக்குத் துரோகம் என்ற ஆட்சேபத்துக்கு நீளமான பதில் தேவையில்லை. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் இருந்தால் அவர் படிக்கப் போவதில்லை. படித்தாலும் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்வார். இரண்டாவது பொருளைத் தேடுவது உழைப்பு. அவரை வீணாகக் கெடுக்கவும் இல்லை. ராத்திரிக் காவலுக்கு இருந்த இடத்தை விட்டு அசையாத ஆள் வேண்டும் என்று தேடுகிற மேலாளர் ஒருவர் இதே கடிதத்தைப் படித்து மகிழ்ந்து போகலாம். ஆள் தூங்காமல் இருப்பார் என்று கடிதத்தில் எங்கும் எழுதவில்லை.

மிச்சம் இருப்பது ஒரே சிக்கல்தான். மேலாளர் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு நேரே போன் போட்டு, 'சார், ஆள் எப்படி?' என்று கேட்டுவிட்டால்? அங்கே அணியெல்லாம் எடுபடாது. ஆனால் தமிழ் நம்மைக் கைவிடாது. 'நல்லவர்' என்றால் பாராட்டு. 'நல்லவர்தான்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால், எதிர்முனையில் இருப்பவரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகு, 'சரிங்க சார், புரியுது' என்று போனை வைப்பார்.