பெட்டியில் 19,200, உள்ளே 600

மலிவு விலை ஸ்கேனர்ப் பெட்டியின் முகப்பில் ‘19,200 டிபிஐ’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஏ4 வண்ணத்தாள் ஒன்றை அந்த அளவில் முழுசாக ஸ்கேன் செய்தால், சுருக்காத கோப்பு 100 ஜிபியைத் தாண்டும். நல்லவேளை, ஸ்கேனருக்கு அந்தத் திறமை கிடையாது.

பெட்டியின் பின்புறம், பொடி எழுத்தில், ‘ஆப்டிகல்: 600 × 1200’ என்றொரு வாக்குமூலம் இருக்கும். இதில் சின்ன எண்ணைத்தான் நம்பவேண்டும். ஓர் அங்குலத்துக்கு 600 சென்சார் கண்கள். எட்டரை அங்குல அகலத்துக்கு மொத்தம் 5,100. மற்ற 1200, அந்தக் கண்வரிசையை நகர்த்தும் மோட்டார் எவ்வளவு பொடிநடை போடும் என்ற கணக்கு. அப்படியானால் 19,200? அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் நடுவில் இட்டு நிரப்பும் ஊகம். பந்தியில் ஆள் கூடினால் ரசத்தில் தண்ணீர் கூடுமே, அந்தக் கைவேலை.

சந்தேகப் பிராணிகள் ஒரு தபால்தலையை 600, 1200, 2400 என்று ஸ்கேன் செய்து, திரையில் ஒரே அளவுக்குப் பெரிதாக்கி, அச்சுக் கோடுகளை ஒப்பிடலாம். எந்த எண்ணுக்கு மேல் புதுக்கோடு எதுவும் தெரியாமல் கோப்பு மட்டும் கொழுக்கிறதோ, அங்கே ஸ்கேனரின் பார்வை முடிந்தது. சிலவற்றில் அது ஆப்டிகல் எண்ணுக்கும் கீழேயே முடிந்துவிடும். லென்ஸ் மங்கல் என்றால் சென்சார் என்ன செய்யும், பாவம்!