கொழுப்பு போனது, சர்க்கரை வந்தது!

கேள்வி-பதில்: இந்த வாரம் முழுக்கத் தயிர்

கிளினிக்கில் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அன்றே வீட்டுத் தயிரை நிறுத்திவிட்டேன். 'ரெண்டா லெமாக்' என்று போட்ட ஸ்ட்ராபெரி தயிர் தினம் ஒரு கப் சாப்பிடுகிறேன். இனிப்பு நீர் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறதே, ஏன்?
*- ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, செனாவாங்*

ஐயா, கப்பின் பின்பக்க அட்டவணையையும் எழுதி அனுப்பியதற்கு நன்றி. பதில் அங்கேயேதான் இருக்கிறது. 135 கிராம் கப். 100 கிராமுக்குக் கொழுப்பு 1.5 கிராம், மொத்தச் சர்க்கரை 15 கிராம். கூட்டிக் கழித்துப் பார்ப்போம்.

முதலில் மிச்சம். முழுக்கொழுப்புத் தயிரில் 100 கிராமுக்குக் கொழுப்பு சுமார் 3.3 கிராம். உங்கள் கப்பில் அதைவிட 1.8 கிராம் குறைவு. 135 கிராமுக்குக் கணக்கிட்டால் மிச்சம் 2.4 கிராம் கொழுப்பு, அதாவது 22 கலோரி.

அடுத்து செலவு. தயிரில் இயற்கையாகவே பால்சர்க்கரை உண்டு: 100 கிராமுக்கு 5 கிராம் அளவில், பால்தூள் சேர்த்திருந்தால் 7 வரை. அதைக் குற்றம் சொல்ல வேண்டாம். 15-இல் அதைக் கழித்தால் மீதி 8 முதல் 10 கிராம் வெளியிலிருந்து வந்த இனிப்பு. பழக்கூழின் இனிப்பும் இதில் அடக்கம். முழுக் கப்புக்கு 11 முதல் 13.5 கிராம், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டிச் சீனி. கலோரியில் குறைந்தது 43.

22 கலோரி கொழுப்பை வாசல் வழியாக வழியனுப்பிவிட்டு, 43 கலோரிச் சீனியைக் கொல்லை வழியாக வரவேற்றிருக்கிறீர்கள். உங்களுக்கு இருப்பதோ இனிப்பு நீர்.

சேர்க்கப்படும் சர்க்கரையை நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவிகிதத்துக்குள் வைக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 5 சதவிகிதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லதாம். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 சதவிகிதம் 25 கிராம். அதில் ஏறக்குறைய பாதியை இந்த ஒரு கப்பே எடுத்துக்கொள்கிறது. ரத்தச் சர்க்கரை இறங்காததற்குத் தயிர் ஒன்றையே பழி சொல்ல முடியாது. மருந்தும் சோறும் தே தாரேக்கும் சேர்ந்த கணக்கு அது. ஆனால் நல்லது என்று நம்பித் தினமும் சாப்பிடும் பொருளிலேயே மூன்று கரண்டிச் சீனி இருக்கக் கூடாது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 சதவிகிதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. நம் வீடுகளில் இந்த அட்டவணையைப் படிக்காமல் கப்பைத் திறக்கவே கூடாது.

கொழுப்பை எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும். சர்க்கரையை ஏன் போடுகிறார்கள்?
*- கல்லூரி மாணவி, சிரம்பான்*

தங்கச்சி, தயிரில் கொழுப்பு செய்யும் வேலை மூன்று. நாக்கில் வழவழப்பைத் தருகிறது, மணத்தைப் பிடித்து வைக்கிறது, புளிப்பின் கூர்மையை மழுக்குகிறது. கொழுப்பை எடுத்ததும் தயிர் நீர்த்து, மேலே தண்ணீர் நின்று, புளிப்பு முன்னால் வந்து நிற்கும்.

தொழிற்சாலையில் இதற்கு இரண்டு மருந்து வைத்திருக்கிறார்கள். கெட்டிப்படுத்தப் பால்தூள், பெக்டின், மாற்றப்பட்ட ஸ்டார்ச், சிலவற்றில் ஜெலட்டின். வெள்ளிக்கிழமை சைவம் இருப்பவர்கள் இந்தக் கடைசிப் பெயரைக் கவனித்துக்கொள்ளுங்கள். அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து, சில வகைகள் மீனிலிருந்தும், எடுப்பது. இரண்டாவது மருந்து புளிப்புக்கு. அதுதான் சீனி.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலைப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். எதுவும் கலக்காத முழுக்கொழுப்புத் தயிர் 100 கிராமுக்கு 61 கலோரி. எதுவும் கலக்காத குறைகொழுப்புத் தயிர் 63. கொழுப்பு போன இடத்தில் பால்தூள் வந்து உட்கார்ந்துகொண்டதால், குறைவதற்குப் பதில் இரண்டு கூடியிருக்கிறது! பழம் சேர்த்த குறைகொழுப்புத் தயிரோ 100 கலோரியைத் தொடுகிறது.

இதற்காக முழுக்கொழுப்பு என்று போட்டாலே நல்லது என்றும் எண்ணிவிடாதீர்கள். முழுக்கொழுப்பு மாம்பழத் தயிரிலும் சீனி உண்டு. பிரிட்டிஷ் கடைகளில் விற்ற 900-க்கும் மேற்பட்ட தயிர் வகைகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018-இல் 'பிஎம்ஜே ஓப்பன்' இதழில் வந்தது. அவற்றில் பத்தில் ஒன்றுகூட 'குறைந்த சர்க்கரை' என்ற அளவுக்குள் வரவில்லை. உள்ளே வந்தவை பெரும்பாலும் வெறும் தயிரும் கிரேக்கத் தயிரும்தான். கொழுப்பு கூடவா குறைவா என்பது அடுத்த கேள்வி. இனிப்புச் சேர்த்ததா சேர்க்காததா என்பதே முதல் கேள்வி.

காலையில் ஒரு கப் குறைகொழுப்புப் பழத் தயிர் மட்டும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். பத்தரைக்கே வயிறு கூவுகிறது. முழுக்கொழுப்புக்கு மாறினால் பசி தாங்குமா?
*- தொழிற்சாலை ஊழியர், செனாவாங் தொழிற்பேட்டை*

தம்பி, கொஞ்சம் தாங்கலாம். நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குத் தாங்காது. கொழுப்பு, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துவது உண்மை. ஆனால் ஒரு கப்பில் நாம் பேசுவது இரண்டரை கிராம் வித்தியாசம். அது பத்தரை மணிப் பசியைப் பன்னிரண்டுக்குத் தள்ளிவைக்காது.

பசியை அதிகம் அடக்குவது புரதம். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குப் பிற்பகலில் 160 கலோரித் தயிர் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2013-இல் வெளியானது. கலோரி எல்லாவற்றிலும் ஒன்றே, புரதம் மட்டும் 5, 14, 24 கிராம் என்று வேறுபட்டது. 24 கிராம் சாப்பிட்டவர்களுக்குத்தான் பசி குறைவாக இருந்தது, இரவு உணவு கேட்ட நேரமும் தள்ளிப்போனது. உங்கள் பழத் தயிர் கப்பில் இருக்கும் புரதம் 5 கிராம் அளவுதான். பசித்தது வயிற்றின் குற்றமில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1995-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரே கலோரி அளவுள்ள தயிரைப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். சிலவற்றில் குறைகொழுப்பு என்று ஒட்டியிருந்தது, சிலவற்றில் அதிகக் கொழுப்பு என்று. குறைகொழுப்பு என்று படித்துச் சாப்பிட்ட நாளில் மதிய உணவில் அதிகம் சாப்பிட்டார்கள். வயிற்றுக்குள் போன கலோரி ஒன்றுதான். கண் படித்த சீட்டு கையை நீள வைத்துவிட்டது. காலையில் மிச்சம் பிடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் கேண்டீனில் இரண்டாவது ரொட்டி சானாய் கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆகவே செய்ய வேண்டியது இது: இனிப்பில்லாத தயிரை மெல்லிய துணியில் கட்டி, குளிர்பெட்டிக்குள் மூன்று நான்கு மணி நேரம் வடியவிடுங்கள். எடை பாதியானால் புரதத்தின் செறிவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். பால்சர்க்கரையில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். கொஞ்சம் கால்சியமும் கூடவே போகும், அதனால் அந்த நீரைக் கொட்டாமல் ரசத்திலோ சப்பாத்தி மாவிலோ சேருங்கள். கட்டித் தயிரோடு ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் அவித்த கடலையோ இருந்தால் மதியச் சங்கு வரை சமாளிக்கலாம்.

எங்கள் வீட்டில் தயிரில் சீனி தொட்டுச் சாப்பிட்டே வளர்ந்தோம். விட்டுவிட வேண்டுமா?
*- இல்லத்தரசி, ரந்தாவ்*

இனிப்பு நீர் இல்லையென்றால், மட்டமாக ஒரு தேக்கரண்டி, 4 கிராம். கடைக் கப் உங்களைக் கேட்காமலே போட்டதில் மூன்றில் ஒரு பங்கு. சீனி போட்டே ஆக வேண்டுமென்றால் கரண்டி உங்கள் கையில் இருக்கட்டும், அம்மா.

தோட்டத்தில் அம்மா மாடு வைத்திருந்தார். தயிர்மேல் விரல்கனத்துக்கு ஆடை நிற்கும். இப்போது பாக்கெட் பாலில் உறை ஊற்றினால் ஆடையும் இல்லை, கெட்டியும் இல்லை. கைப்பக்குவம் போய்விட்டதா?
*- பாட்டி, செனாவாங்*

பக்குவம் போகவில்லை பாட்டி, பால்தான் மாறிவிட்டது. லயத்துக்குப் பின்னால் நம்மவர்கள் வளர்த்த மாட்டுக்குக் கால்நடைத் துறையினர் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாலில் கொழுப்புத் துளிகள் பெரிதாக இருந்தன, தாமாக மேலே மிதந்து ஆடையாயின. இன்றைய பாலை அழுத்தத்தில் செலுத்தி அந்தத் துளிகளை நுணுக்கிவிடுகிறார்கள். கொழுப்பு உள்ளேயே பரவி நிற்கும், மேலே வராது.

கெட்டிக்கு வழி இருக்கிறது. அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் பெட்டிப் பாலில் தயிர் இளகலாகத்தான் விழும். குளிர்பெட்டியில் விற்கும் பாலை வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு நான்கு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்தூளைக் கரையுங்கள். குழந்தைகளுக்கான பால்மாவும் டின்னில் வரும் இனிப்புக் கிரீமரும் வேண்டாம், அவற்றில் சீனி இருக்கும். பால் பொங்கிய பிறகு சிறு தீயில் பத்து நிமிடம் வையுங்கள். சூட்டில் மோர்ப்புரதம் பிரிந்து மற்றப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் தயிர் இறுகுகிறது. சுண்டுவிரலை விட்டால் பத்து எண்ணும்வரை சூடு பொறுக்கும் பதத்தில், 45 பாகை அளவில், இரண்டு கரண்டி உறை. நம் ஊர் வெப்பத்தில் ஐந்தாறு மணி நேரம் போதும். அதற்கு மேல் வெளியே விட்டால் புளித்துவிடும், பேரப்பிள்ளைகள் சீனி டப்பாவைத் தேடுவார்கள்.

எனக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. முடிவாக ஒரு வரியில் சொல்லுங்கள்: முழுக்கொழுப்பா, குறைகொழுப்பா?
*- பள்ளிப் பேருந்து ஓட்டுநர், லாபு*

ஒரு வரியில்: இனிப்பில்லாதது. இனி, விவரம்.

முழுக்கொழுப்புத் தயிர் 150 கிராம் கிண்ணத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைகொழுப்பு சுமார் 3 கிராம், குறைகொழுப்பில் ஒன்றரை. தினம் ஒரு கிண்ணத்தோடு நிறுத்துபவருக்கு இந்த ஒன்றரை கிராம் பெரிய விவகாரம் இல்லை. அரை கப் கெட்டித் தேங்காய்ப்பாலில் 20 கிராமுக்கு மேல் நிறைகொழுப்பு இருக்கிறது. தயிரைச் சந்தேகிக்கும் முன் நாசி லெமாக்கையும் கறிக்குழம்பையும் விசாரியுங்கள்.

ஆனால் மூன்று வேளையும் தயிர், கூடவே மோர் என்று நாளுக்கு அரை லிட்டர் போகும் வீடாக இருந்தால் கணக்கு மாறும். அது 10 கிராம் நிறைகொழுப்பு. உங்களுக்கும், மாரடைப்பு வந்தவர்களுக்கும் அந்த அளவில் குறைகொழுப்பு வெறும் தயிரே சரி. கடையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கப்பைத் திருப்பி, ஒரு பரிமாறல் என்ற பத்தியை விட்டு 100 கிராம் பத்தியில் மொத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 7-க்குள் இருந்தால் வண்டியில் போடுங்கள். 10-ஐத் தாண்டினால், முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும், அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.